கூகுள் ஷீட்ஸில் செலவுக் கணக்கு: அம்மாவுக்காக ஒரு உதவி

வணக்கம். அம்மா ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. நோட்டில் எழுதிவந்த வரவு செலவை இப்போது போனில், கூகுள் ஷீட்ஸில் எழுதுகிறார். தேதி, விவரம், வகை, தொகை என நான்கே பத்திகள்.

முதல் மாதம் செலவு 8,800 என்று வந்தது. அம்மா நம்பவில்லை. பர்ஸைக் கொட்டி எண்ணினார், 1,200 இருந்தது. அப்புறம் ஒவ்வொரு வரியாகப் பார்த்து அவரே கண்டுபிடித்தார்: ஏடிஎம்மில் எடுத்த 5,000-ஐயும் செலவாக எழுதி, அதிலிருந்து பால், காய்கறி, மருந்துக்குக் கொடுத்த 3,800-ஐயும் மறுபடி எழுதியிருக்கிறார். பணம் வங்கியிலிருந்து பர்ஸுக்கு மாறியது செலவு ஆகாதே! இப்போது அந்த வரிக்கு 'மாற்றம்' என்று வகை போட்டு, கூட்டலில் சேர்ப்பதில்லை.

முன்பெல்லாம் புடவை எடுக்கக்கூட என்னிடம் கேட்பார். போன வாரம், "மருந்து போக மிச்சம் இருக்கு, கண்ணாடி மாத்திக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் தனியாகவே போய் வந்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சரி, கேள்விக்கு வருகிறேன். மருந்துச் செலவுக்கு இதைப் போட்டுக் கொடுத்தேன்:

```
=SUMIF(C:C,"மருந்து",D:D)
```

சில நாள் 'மருந்துகள்' என்று எழுதிவிடுகிறார், அந்த வரிகள் கூட்டலில் விட்டுப்போகின்றன. வகையைத் தட்டச்சு செய்யாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி ஆண்ட்ராய்டு போனிலேயே அமைக்க முடியுமா? வீட்டில் கணினி இல்லை. மாதவாரியாகக் கூட்டுவதற்கும் எளிய வழி இருந்தால் சொல்லுங்கள். அம்மாவே செய்து பார்க்கும்படி படிப்படியாக எழுதினால் பெரிய உதவி.