பஸ் மறைச்சதும் ப்ளர் நம்பர் பிளேட்ட விட்டு ஓடுது, யாராவது உதவுங்க

மதுரைல சாயங்காலம் எடுத்த டேஷ்கேம் வீடியோ, 1080p, 30 fps, 40 செகண்ட். முன்னாடி போற பைக்கோட நம்பர் பிளேட்டையும் பின்னாடி உக்காந்திருக்கவங்க முகத்தையும் மறைக்கணும். டாவின்சி ரிசால்வ் ஃப்ரீ வெர்ஷன்ல கலர் பேஜ்ல பவர் விண்டோ போட்டு ட்ராக் பண்ணேன், 11 செகண்ட் வரை கச்சிதமா ஒட்டிக்கிட்டு போகுது, அப்புறம் குறுக்க ஒரு பஸ் வந்து மறைக்குது பாருங்க, விண்டோ பஸ்ஸோடவே போயிடுது. பைக் வெளிய வரும்போது பிளேட் அப்படியே படிக்கிற மாதிரி தெரியுது, ஒரே ஃப்ரேம்னாலும் வீடியோவ நிறுத்திப் பாத்தா போச்சு.

பெர்ஸ்பெக்டிவ் 3D டிக் எடுத்துப் பாத்தேன், அதே கதை. கடைசி ஃப்ரேம்ல இருந்து பின்னோக்கி ட்ராக் பண்ணா பஸ் வரைக்கும் சரியா வருது. கிளிப் மோட்ல விண்டோவ நகத்துனா மொத்த பாதையும் நகருது, ஃப்ரேம் மோட்ல கையால வைக்கலாம், ஆனா பிளேட் ஆடுறதால 200 ஃப்ரேமுக்கு மேல ஆகுது. முகத்துக்கும் இதே பிரச்சனைதான்.

பஸ்ஸுக்கு முன்னாடி ஒரு ட்ராக், பின்னாடி ஒரு ட்ராக்னு ரெண்டையும் கிளிப்ப வெட்டாம ஒரே விண்டோல சேக்க முடியுமா?