உதவி: ஹூஸ்டன் டீமுக்கு எழுதும் ஹேண்ட்ஓவர் குழம்புகிறது, இரவு மீட்டிங்கும் எங்கள் தலையில்தான்

காசிமேட்டுப் பையன்:
வணக்கம். ராஜாஜி சாலையில் ஒரு சரக்கு ஏஜென்ட் அலுவலகத்தில் ஏற்றுமதி ஆவணங்கள் பார்க்கிறேன். சரக்கு வாங்குபவர்களோடு பேசுவது எங்கள் ஹூஸ்டன் கிளை. நாங்கள் மாலை ஆறுக்குக் கிளம்பும்போது அங்கே காலை ஆறரை. அவர்கள் வருவது எட்டு மணிக்கு. எல்லாம் மெயிலில்தான்.

ஜனவரியில் ஒரு பில் ஆஃப் லேடிங்குக்குச் சரக்கு பெறுபவரின் முகவரி தேவைப்பட்டது. புதன் மாலை நான் எழுதியது இவ்வளவுதான்: "முகவரி சரிபார்க்கவும். கட்-ஆஃப் வெள்ளி மாலை 4 மணி." அவர்கள் தங்கள் வெள்ளி காலை 11 மணிக்குப் பதில் போட்டார்கள். இங்கே இரவு 10:30. கன்டெய்னர் அடுத்த கப்பலுக்குப் போய்விட்டது. இப்போதும் நினைத்தால் வயிறு கலங்குகிறது.

இன்னொன்று, செவ்வாய் மீட்டிங். அவர்களுக்குக் காலை 10, எங்களுக்கு இரவு 9:30. அப்பா விடிகாலை இரண்டரைக்கு மீன் ஏலத்துக்கு எழ வேண்டும், ஒரே அறை வீடு. நான் மாடிப்படியில் உட்கார்ந்துதான் பேசுகிறேன். எப்படிக் கேட்டால் மாற்றுவார்கள்?

மணலிக்காரன்:
தம்பி, எல்லா நேரத்தையும் யு.டி.சி.யில் எழுதிவிடுங்க, குழப்பமே வராது. ஹூஸ்டனுக்கும் நமக்கும் எப்பவும் பதினொன்றரை மணி வித்தியாசம், மனப்பாடம் பண்ணிக்கோங்க.

பெரம்பூர் அக்கா:
இரவு வேலைக்கு அலுவலகம் வண்டி தருதா தம்பி? அதை முதலில் கேள். நான் சிட்னி டீமோடு வேலை செய்கிறேன், எனக்குக் காலை ஆறரைக்கே மீட்டிங். குக்கரை அணைத்துவிட்டு ஓடுவேன்.

காசிமேட்டுப் பையன்:
அக்கா, நான் வீட்டிலிருந்துதான் பேசுகிறேன், வண்டி தேவையில்லை. நேரத்தைப் பங்கு போடுவதுதான் கேள்வி.

பழைய வண்ணாரப்பேட்டை:
மணலி அண்ணா சொல்வதில் பாதி சரி. கணினிப் பதிவுகளுக்கு யு.டி.சி. நல்லது. ஆனால் அவசரத்தில் படிக்கும் ஆள் மனக்கணக்கில் தப்பு விடுவார். வித்தியாசமும் எப்பவும் பதினொன்றரை இல்லை. மார்ச் இரண்டாவது ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை அங்கே கடிகாரம் ஒரு மணி முன்னால் ஓடும், அப்போது பத்தரைதான்.

தம்பி, உங்கள் கட்-ஆஃப் ஹூஸ்டனில் வெள்ளி விடிகாலை 4:30. அந்த நேரத்தில் யார் மேசையில் இருப்பார்கள்? அவர்களுக்கு உண்மையான கடைசி நேரம் வியாழன் மாலை 5. புதன், வியாழன் என்று முழுதாக இரண்டு நாள் கையில் இருந்தது. அவர் "வெள்ளி 4 மணி" என்பதைத் தன் ஊர் நேரமாகப் படித்துவிட்டார். அதனால் கப்பலின் கட்-ஆஃபோடு, படிப்பவரின் வேலை நேரத்தில் விழும் கடைசி நேரத்தையும் எழுதுங்கள். நான் எழுதுவது இப்படி இருக்கும்:

"முகவரியின் இரண்டாவது வரி மட்டும் உறுதியாக வேண்டும். உங்கள் வியாழன் மாலை 5-க்குள் பதில் தேவை. கப்பலின் கட்-ஆஃப் சென்னை நேரம் வெள்ளி மாலை 4. பதில் வராவிட்டால் பழைய முகவரியிலேயே தாக்கல் செய்வேன், பிறகு திருத்தக் கட்டணம் ஆகும். வாங்குபவரிடம் கேட்க வேண்டியது நீங்கள், தாக்கல் செய்வது நான்."

பதில் வராவிட்டால் என்ன நடக்கும் என்ற வரிதான் உயிர். அது இருந்தால் வெள்ளி காலை நீங்கள் அலுவலகம் வந்ததும் கை கட்டிக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் பழைய முகவரியில் போட உங்கள் மேலாளர் சம்மதிக்கிறாரா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மீட்டிங்குக்கு ஒரு மாதம் அவர்களின் காலை 10, அடுத்த மாதம் நம் புதன் காலை 8 என்று மாற்றிப் பாருங்கள். அது அவர்களுக்குச் செவ்வாய் இரவு 8:30. எங்கள் டீமில் அப்படிச் செய்தபோது, வெறும் நிலவரம் சொல்வதெல்லாம் தானாக மெயிலுக்குப் போய், மீட்டிங் அரை மணியில் முடிந்தது. இரவு உட்கார்ந்தால்தான் எது பேச வேண்டியது என்று தெரியும்! காலண்டரில் இரண்டையும் தனித்தனியாகப் போடுங்கள். நம் காலை மீட்டிங்கை `Asia/Kolkata` நேரத்தில் உருவாக்குங்கள். ஹூஸ்டன் நேரமான `America/Chicago`-வில் போட்டால் மார்ச்சில் உங்களுக்கு 7 மணியாகிவிடும்.

மணலிக்காரன்:
அந்த மார்ச் விஷயம் எனக்குத் தெரியாது. ஆனால் அவங்க சாயங்காலம் பிள்ளைகளோடு இருக்கும் நேரமாச்சே, ஒத்துப்பாங்களா? மாலை ஆறரை, அவங்களுக்குக் காலை ஏழு. ரெண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாமே.

பழைய வண்ணாரப்பேட்டை:
அதுவும் நல்ல வழிதான் அண்ணா, கோடையில் நமக்கு ஐந்தரையாகவே அமையும். ஆனால் காலை ஏழு அங்கே பள்ளிக்குப் பிள்ளைகளை விடும் நேரமாக இருக்கலாம். அவர்களையே கேட்பது நல்லது.

காசிமேட்டுப் பையன்:
நேற்று அந்த மாதிரியில் முதல் மெயில் போட்டேன், இன்று காலை வந்தபோது பதில் இருந்தது. மாலை ஆறரை, காலை எட்டு இரண்டையும் மீட்டிங்குக்குச் சொல்லியிருக்கிறேன். ஹூஸ்டனில் ஒருவர் தங்கள் காலை ஏழு மணிக்கு முடியாது என்கிறார், நம் காலை எட்டு மணிக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. இந்தச் செவ்வாய் மறுபடி மாடிப்படிதான்.