புதுப்பிப்பு: சிங்கப்பூரில் நடந்த தம்பி கல்யாணம்

நான் கேட்டிருந்தது: "தம்பி சிங்கப்பூரில் பிலிப்பைன்ஸ் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்திருக்கிறான், நாகர்கோவிலில் மறுபடி பதியணுமா?"

எல்லாருக்கும் நன்றி. இங்கே பதிய முடியாது, 2009-இல் வந்த தமிழ்நாட்டுச் சட்டம் இந்த மாநிலத்தில் நடந்த கல்யாணங்களுக்குத்தான் என்று சார்பதிவாளர் ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். கைகொடுத்தது தக்கலை அண்ணன் சொன்ன வழி: திருமணச் சான்றிதழ் வெளிநாட்டிலும் செல்லும்படி அரசு தரும் அப்போஸ்டில் என்ற சான்றை சிங்கப்பூரிலேயே வாங்கினான், 2021 செப்டம்பரிலிருந்து அந்த நாடும் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இருப்பதால் தூதரக முத்திரை தேவைப்படவில்லை, அதைக் காட்டியே பாஸ்போர்ட்டில் மனைவி பெயரும் ஏறிவிட்டது. 1969 வெளிநாட்டுத் திருமணச் சட்டப்படி இந்தியத் தூதரகத்தில் பதியணும் என்று ஒருவர் எழுதியிருந்தார், பதியலாம், கட்டாயமில்லை.

எதிர்பாராதது ஓசிஐ, அதாவது இந்தியரின் வெளிநாட்டு மனைவி விசா இல்லாமல் இங்கே வந்துபோக உதவும் அட்டை. பதிவான திருமணம் இரண்டு வருடமாவது தொடர்ந்து நீடித்த பிறகுதான் விண்ணப்பிக்க முடியும், அதுவரை அந்தப் பெண் விசாவில்தான் வந்துபோகணும். குளச்சல் அக்கா கேட்ட தத்துக் குழந்தை விஷயம் வேறு, அப்போஸ்டில் மட்டும் போதாது, தத்தெடுப்பைக் கவனிக்கும் மத்திய அமைப்பான காராவில் கேளுங்கள் அக்கா.