500க்கும் 501க்கும் நடுவே: மின்கட்டணக் கணக்குக்கு எத்தனை டெஸ்ட் கேஸ்?

மின்மினி:
மென்பொருள் சோதனைப் பாடத்தில் ஒரு பயிற்சி. தமிழ்நாட்டு வீட்டு மின்கட்டணம், 2022 செப்டம்பர் விகிதம், இரண்டு மாதத்துக்கு 600 யூனிட் வரை மட்டும். குறிப்பேட்டில் உள்ள `4n+1` சூத்திரத்தில் n என்பது உள்ளீடுகளின் எண்ணிக்கை; இங்கே உள்ளீடு ஒன்றுதான் என்பதால் 5 டெஸ்ட் கேஸ் எழுதினேன்: 0, 1, 300, 599, 600. எதிர்பார்க்கும் விடையை நிரலை ஓட்டிப் பார்த்து எழுதினேன். ஐந்தும் தேறின. ஆசிரியர் "போதாது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். எத்தனை எழுத வேண்டும்?

```python
def bill(u):
    if u <= 100: return 0
    if u <= 200: return (u-100)*2.25
    if u <= 400: return 225 + (u-200)*4.5
    if u <= 500: return 1125 + (u-400)*6
    if u <= 600: return 1725 + (u-500)*8
```

கருவேலம்:
அந்தச் சூத்திரம் ஒரே சீரான வரம்புக்கு உரியது. 0 முதல் 600 வரை முழுவதும் ஒரே விதமாக நடத்தப்பட்டால் 5 போதும். இங்கே ஐந்து ஸ்லாப் இருக்கின்றன. ஒவ்வொரு ஸ்லாப்பும் ஒரு சமானப் பிரிவு, அதாவது ஒரே விதமாக நடத்தப்படும் உள்ளீடுகளின் கூட்டம். ஒவ்வொரு எல்லையிலும் இரண்டு பக்கமும் ஒவ்வொரு மதிப்பு எடுங்கள்: 100, 101, 200, 201, 400, 401, 500, 501. இரண்டு முனைகளுக்கு 0, 600. வரம்புக்கு வெளியே -1, 601. மொத்தம் 12. வேலை முடிந்தது. ஐந்து ஆண்டுகளாக இப்படித்தான் செய்கிறேன்.

நெய்தல்:
எண்ணிக்கையைப் பிறகு பேசலாம். மின்மினி, உங்கள் நிரலில் ஒரு பிழை இருக்கிறது. நீங்கள் எழுதிய ஐந்து டெஸ்ட் கேஸில் இரண்டு அதன் மேலேயே உட்கார்ந்திருந்தும் பிடிக்கவில்லை. விடையை நிரலிடமே கேட்டு எழுதியதுதான் காரணம். நிரல் சொன்னதை நிரலே ஒப்புக்கொண்டது, அவ்வளவுதான்.

ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு கட்டண அட்டவணையைப் பார்த்துக் கையால் போடுங்கள். 500 யூனிட் வரை பயன்படுத்திய வீட்டுக்கு முதல் 100 இலவசம், அடுத்த 100க்கு 2.25 வீதம் 225, அடுத்த 200க்கு 4.50 வீதம் 900, கடைசி 100க்கு 6 வீதம் 600. ஆக 1725 ரூபாய். இது சரி.

501 யூனிட் ஆனதும் அட்டவணையே மாறுகிறது. 101 முதல் 200 வரைக்கான 2.25 ரூபாய்ச் சலுகை போய்விடும். 101 முதல் 400 வரை 300 யூனிட்டுக்கும் 4.50 என்றால் 1350. அடுத்த 100க்கு 600. 501ஆவது யூனிட்டுக்கு 8. ஆக 1958 ரூபாய். உங்கள் நிரல் சொல்வது 1733. கடைசி வரியில் 1725 இருக்கும் இடத்தில் 1950 இருக்க வேண்டும்.

கருவேலம் ஐந்து ஸ்லாப்பை ஐந்து பிரிவு என்றார். இந்த நிரலுக்கு எண்ணிக்கை தற்செயலாகச் சரிப்படுகிறது, காரணம் சரியில்லை. 150ஆவது யூனிட்டுக்கு என்ன விலை என்று கேட்டால் 'மொத்தம் எவ்வளவு' என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. முதலில் பிரிக்க வேண்டியது 500க்குள்ளா, தாண்டியா என்பதைத்தான். அதற்குள்தான் ஸ்லாப்புகள். அட்டவணையில் எண்களை மட்டும் பார்த்துக் கோடு போடாமல், எந்த எந்த உள்ளீட்டை விதி ஒரே மாதிரி நடத்துகிறது என்று கேட்டுக் கோடு போட வேண்டும்.

கருவேலம்:
ஒப்புக்கொள்கிறேன், அந்த வரியை நான் பார்க்கவில்லை. ஆனால் என்னுடைய 12இல் 501 இருக்கிறது. விடையைக் கையால் போட்டிருந்தால் பிடித்திருக்கும். இரண்டு பக்க எல்லை முறையில் குறை இல்லை. 200, 201 என்று வைத்தால் யாராவது `<=` எழுதும் இடத்தில் `<` எழுதினாலும் சிக்கிவிடும்.

நெய்தல்:
200இல் சிக்காது. மின்மினியே செய்து பார்க்கட்டும். திருத்திய நிரலில் ஐந்து `<=` இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் `<` ஆக்கி, கருவேலம் சொன்ன 12ஐயும் ஓட்டுங்கள்.

மின்மினி:
ஓட்டினேன். எனக்கே வியப்பாக இருக்கிறது. 100, 200, 400 மூன்றிலும் மாற்றினேன், எந்த டெஸ்ட் கேஸும் தவறவில்லை. 500இல் மாற்றியபோது மட்டும் 1725க்குப் பதில் 1950 வந்தது. 600இல் மாற்றினால் விடையே வராமல் `None` வருகிறது. இன்னொன்றும் கண்ணில் பட்டது. பிழை எதுவும் வைக்காதபோதே 601க்கு `None` வருகிறது, -1க்கு 0 வருகிறது. இவை சரியா?

நெய்தல்:
முதல் மூன்றும் ஏன் தவறவில்லை என்று பாருங்கள். 200ஐ இரண்டாவது வரி கணக்கிட்டால் 100 பெருக்கல் 2.25, அதாவது 225. மூன்றாவது வரி கணக்கிட்டால் 225 கூட்டல் பூஜ்யம் பெருக்கல் 4.5, அதுவும் 225. இரண்டு கோடுகளும் அந்தப் புள்ளியில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. `<` எழுதினாலும் `<=` எழுதினாலும் வீட்டுக்காரருக்குப் போகும் பில் மாறாது. எந்த டெஸ்ட் கேஸாலும் அதைப் பிடிக்க முடியாது, பிடிக்கத் தேவையும் இல்லை.

500இல் கோடு அறுந்திருக்கிறது. ஒரு யூனிட் கூடினால் பில் 233 ரூபாய் ஏறுகிறது. எல்லை என்று அட்டவணையில் எழுதிய இடமெல்லாம் ஒரே எடை உள்ளதல்ல. கணக்கு தாவும் எல்லையில் ஒரு குறியீடு தவறினாலும் உண்மையான பணம் தவறுகிறது.

601க்கும் -1க்கும் வருகிறேன். பயிற்சி '600 வரை' என்று சொல்லிவிட்டு அதற்கு மேல் வந்தால் என்ன செய்வது என்று சொல்லவில்லை. எதிர்பார்க்கும் விடை இல்லாமல் டெஸ்ட் கேஸ் எழுத முடியாது. ஆசிரியரிடம் போய்க் கேளுங்கள். அந்தக் கேள்வியே உங்கள் சோதனை கண்டுபிடித்த ஒன்று.

கருவேலம்:
அப்படியானால் 100, 200, 400 மூன்றையும் தூக்கிவிடலாமே? பயன் இல்லாததை ஏன் சுமக்க வேண்டும்?

நெய்தல்:
தூக்க வேண்டாம். அவை வேறு ஒரு வேலை செய்கின்றன. 2.25 என்பதை யாரோ 2.20 என்று தட்டச்சு செய்துவிட்டார் என்று வையுங்கள். 101இல் சரியான விடை 2.25, தவறான விடை 2.20. பில்லை முழு ரூபாய்க்குச் சுற்றினால் இரண்டும் 2 ரூபாய்தான், பிழை மறைந்துவிடும். 200க்கு வந்தால் 225க்குப் பதில் 220. ஸ்லாப்பின் தொடக்கத்தில் 5 காசாக இருந்த தவறு முடிவில் 5 ரூபாயாகச் சேர்ந்து நிற்கிறது. அதனால் 101ஐ மட்டும் வைத்து 200ஐ எடுத்துவிடக் கூடாது. எல்லையை ஒரு பிரிவின் கடைசி மதிப்பாகவும் பார்க்க வேண்டும்.

நான் இன்னும் ஒரு படி மேலே போவேன். எல்லைக்கு முந்தைய மதிப்பையும் சேருங்கள்: 99, 199, 399, 499. முதல் வரியில் `<=` இடத்தில் `==` விழுந்துவிட்டால் 100க்கு 0 வரும், 101க்கு 2.25 வரும், அந்த எல்லையின் இரண்டு மதிப்பும் சரி. உங்கள் 12இல் முனைக்காக வைத்த 0தான் -225 என்று காட்டிக்கொடுக்கும். அந்த முனையை ஒருவர் விட்டுவிட்டாலும், 99ஐக் கொடுத்தால் -2.25 என்று வரும். ஓர் எல்லையில் இரண்டு மதிப்பு முறை தவறவிடுவதை மூன்று மதிப்பு முறை பிடிக்கும் என்பது இதைத்தான். மென்பொருள் சோதனையாளர்களுக்குச் சான்றிதழ் தரும் ஐ.எஸ்.டி.கியூ.பி. அமைப்பின் 2023இல் வந்த அடிப்படைப் பாடத்திட்டத்தில் இரண்டு முறைகளும் இருக்கின்றன.

கருவேலம்:
இங்கே நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். `==` விழுந்தால் அந்தப் பிரிவின் கிட்டத்தட்ட எல்லா மதிப்புகளும் கெட்டுவிடும். 50ஐக் கொடுத்துப் பாருங்கள், -112.50 என்று கத்தும். பிரிவுக்கு ஒரு நடுமதிப்பு வைத்தால் 99 எதற்கு? 50, 150, 300, 450, 550 என்று ஐந்தைச் சேர்த்தால் மொத்தம் 17. நடுமதிப்பு வேறு பிழைகளையும் பிடிக்கும், படிக்கிறவருக்கும் எது எந்தப் பிரிவுக்கு என்று தெளிவாகத் தெரியும்.

நெய்தல்:
இது சரியான வாதம். பிரிவுக்கு ஒரு நடுமதிப்பு இருக்குமானால் `==` பிழைக்காக 99 தேவையில்லை. ஆனால் சமானப் பிரிவை ஒரு பக்கமும் எல்லையை ஒரு பக்கமும் படித்துவிட்டு, 'எல்லை இருக்கிறதே' என்று நடுமதிப்பை விட்டுவிடுகிறவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். நீங்களே முதலில் சொன்ன 12இல் ஒரு நடுமதிப்பும் இல்லை. விடுகிற பழக்கம் இருக்கும் இடத்தில் மூன்று மதிப்பு முறைதான் காப்பு.

பனங்காடு:
இடையில் வருவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் குடிநீர் மீட்டர் மென்பொருளில் வேலை பார்த்தவன். மின்மினி -1க்கு 0 வருகிறது என்று சொன்ன இடத்தில் நின்றுவிட்டேன்.

எங்கள் நிரலும் இப்படித்தான் இருந்தது: அளவு ஒரு வரம்புக்குள் இருந்தால் பில் பூஜ்யம். எதிர்மறை எண் எங்கே வரப்போகிறது என்று யாரும் சோதிக்கவில்லை. மீட்டரில் ஐந்து இலக்கம். ஒரு வீட்டில் முந்தைய அளவு 99987, இந்த அளவு 00023. உண்மையில் ஓடியது 36. நிரல் கழித்துப் பார்த்து -99964 என்றது, அது வரம்புக்குக் கீழே இருப்பதால் பில் பூஜ்யம் என்று அனுப்பிவிட்டது. பூஜ்ய பில் வந்தவர் புகார் செய்ய மாட்டார் அல்லவா? பல மாதம் கழித்து வசூல் கணக்குப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

யூனிட்டை யாரும் கையால் தட்டச்சு செய்வதில்லை, தம்பிகளே. அது இரண்டு அளவுகளைக் கழித்து வருவது. உங்கள் எல்லைகள் யூனிட்டில் மட்டும் இல்லை, மீட்டரிலும் இருக்கின்றன.

கருவேலம்:
ஐயா, பயிற்சியில் உள்ளீடு யூனிட் என்றுதானே கொடுத்திருக்கிறார்கள். மீட்டரைக் கொண்டுவந்தால் மாணவர் எங்கே நிறுத்துவார்?

பனங்காடு:
நிறுத்தும் இடம் எனக்கும் தெரியாது. -1க்கு 0 என்பதை மட்டும் 'தேறியது' என்று எழுதிவிடாதீர்கள்.

மின்மினி:
ஆசிரியரிடம் கேட்டுவிட்டு வந்தேன். -1க்கும் 601க்கும் பிழைச் செய்தி காட்ட வேண்டும் என்றார். நிரலில் இரண்டு வரி சேர்த்தேன். விடைகள் அத்தனையையும் கையால் போட்டுக் கருவேலம் அண்ணன் சொன்ன 17ஐ எழுதிக் கொடுத்தேன். 500, 501 இரண்டுக்கும் பக்கத்தில் 'இங்கே அட்டவணை மாறுகிறது' என்று குறிப்பும் எழுதினேன். 99 வகையைச் சேர்க்காததற்கு என்ன காரணம் என்று ஆசிரியர் கேட்டார், நடுமதிப்பைச் சொன்னேன். ஏற்றுக்கொண்டாரா என்பது மதிப்பெண் வந்தால்தான் தெரியும்.

பனங்காடு ஐயா, உங்களிடம் ஒரு கேள்வி. இந்த விகிதம் 2022 செப்டம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. ஒரு வீட்டின் இரண்டு மாதக் கணக்கு ஆகஸ்டில் தொடங்கி அக்டோபரில் முடிந்தால், 500ஐத் தாண்டியதா என்பதை முழு இரண்டு மாதத்துக்கும் சேர்த்துப் பார்ப்பார்களா, தேதிப்படி பிரித்துப் பார்ப்பார்களா? அப்படியானால் தேதியும் ஒரு உள்ளீடு ஆகிவிடுகிறதே?