சொல் வேண்டும்: தோள் சரிவுக்கும் மேல்முதுகு வளைவுக்கும் பேப்பரில் செய்யும் மாற்றம்

வாசுகி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ராஜபாளையத்தில் வாரம் இரண்டு நாள் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்புக்கான குறிப்பேட்டைத் தமிழில் எழுதும்போது இரண்டு இடத்தில் பேனா நின்றுவிட்டது.

ஒன்று, தோள் வழக்கத்தைவிட அதிகமாகச் சரிந்திருப்பவர்களுக்காகப் பேப்பர் பேட்டர்னில் செய்யும் மாற்றம். இன்னொன்று, மேல்முதுகு உருண்டு இருப்பவர்களுக்காகச் செய்வது. இரண்டையும் துணியை வெட்டுவதற்கு முன்பே பேப்பரில் முடித்துவிட வேண்டும். கடைகளில் முதலாவதை "ஷோல்டர் இறக்கு" என்கிறார்கள். இரண்டாவதற்கு "முதுகுக்கு லூஸ் கொடு" என்று சொல்லி முடித்துக்கொள்கிறார்கள். என் மாணவி ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, சைடில் இரண்டு பக்கமும் அரை இன்ச் கூட்டி வெட்டிவிட்டார். முதுகு அகலமானது, ஆனால் பின்பக்கம் மேலே தூக்கியது அப்படியே இருந்தது. தவறு அவருடையது இல்லை, அந்தச் சொல்லுடையது. செய்யவேண்டியதைச் சரியாகக் காட்டும் சொற்கள் இருந்தால் தாருங்கள்.

இளங்கோ எழுதியது:

நல்ல கேள்வி. எனக்குத் தோன்றுபவை: "தோள்சாய்வுத் திருத்தம்", "முதுகுக்கூன் திருத்தம்". தையலுக்குத் துன்னம் என்ற பழைய சொல் இருக்கிறது. அதையும் சேர்த்துத் "துன்னத் திருத்தம்" என்று பொதுத் தலைப்பு வைத்துக்கொள்ளலாம்.

என் மனைவி வீட்டில் தைக்கிறார். அவரிடமும் கேட்டேன். இரண்டு சிக்கலுமே தோளில் துணி அதிகமாக நிற்பதால் வருவதுதான், தோள் கோட்டை இறக்கினால் இரண்டும் சரியாகும் என்றார். அப்படியானால் ஒரே சொல்லே போதுமே?

வாசுகி எழுதியது:

> "முதுகுக்கூன் திருத்தம்"

இதை என் வகுப்பில் வாய்விட்டுச் சொல்ல முடியாது, இளங்கோ. பாதிப் பேர் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள். பல வருஷம் தறியில் குனிந்து வேலை பார்த்த முதுகுகள். அளவெடுக்கும்போது "கூன்" என்ற சொல் காதில் விழுந்தால் அடுத்த வாரம் வரமாட்டார்கள். "திருத்தம்" என்பதிலும் எனக்குச் சங்கடம் உண்டு. உடம்பில் ஏதோ பிழை இருப்பது போலக் கேட்கிறது. நாம் மாற்றுவது பேப்பரைத்தானே.

துன்னம் அழகான சொல்தான். ஆனால் வகுப்பில் முதலில் அதற்கே விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

ராணி எழுதியது:

ஈரோட்டில் முப்பது வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். சொல் உருவாக்குவதில் எனக்குப் பழக்கம் இல்லை, வேலையைச் சொல்கிறேன். அதிலிருந்து நீங்கள் சொல் எடுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி இளங்கோ, வீட்டில் சொன்னது பாதி சரி. தோள் சரிவுக்கு இறக்குவதுதான் வழி. ஆனால் உருண்ட முதுகுக்கும் அதையே செய்தால் நிலைமை மோசமாகும். அங்கே துணி கூடவில்லை, குறைகிறது. கழுத்து எலும்பிலிருந்து இடுப்புவரை முதுகு வளைந்து போகிற தூரம் பேப்பரில் இருப்பதைவிட அதிகம். தோளையும் இறக்கினால் அங்கே இருக்கிற துணியும் போய்விடும்.

எது எது என்று போட்டுப் பார்த்தாலே தெரியும். தோள் சரிவு என்றால் கழுத்தோரத்திலிருந்து அக்குளை நோக்கிச் சாய்வாகச் சுருக்கம் விழும். தோள் முனையில் ஒரு கைக்குட்டையை மடித்து உள்ளே வைத்துப் பாருங்கள், சுருக்கம் மறைந்தால் காரணம் சரிவுதான். உருண்ட முதுகு என்றால் பின்பக்கக் கீழ்விளிம்பு தூக்கும், பின்கழுத்து உடம்பை விட்டு விலகி நிற்கும், முன்கழுத்து தொண்டையில் வந்து இடிக்கும். சட்டை முழுவதும் பின்னால் இழுபடுகிறது என்பார்கள். சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

போன மாதம் அப்படி ஒருவர் வந்தார். கழுத்து மூடிய குர்த்தி, பின்பாகம் மடிப்பில் வெட்டுகிற ஒரே துண்டு. பேப்பரில் கழுத்து எலும்பிலிருந்து இடுப்பு 15 இன்ச். அவருக்கு முதுகின் மேல் டேப்பை ஓட்டி எடுத்தால் 15¾. அந்த முக்கால் இன்ச்தான் வேண்டும். அதைக் கீழே கூட்டிப் பயன் இல்லை, முதுகு எங்கே உருண்டிருக்கிறதோ அங்கே கூட்ட வேண்டும். அவருக்கு அது கழுத்து எலும்பிலிருந்து 4½ இன்ச் கீழே.

அந்த இடத்தில் பேப்பரில் நடுமுதுகிலிருந்து ஆர்ம்ஹோல்வரை நேராக ஒரு கோடு போட்டு வெட்டினேன். ஆர்ம்ஹோல் தையல் கோட்டில் நூல் அளவு பேப்பரை வெட்டாமல் விட வேண்டும். கதவு கீலில் திரும்புகிற மாதிரி மேல் துண்டு அந்தப் புள்ளியில் திரும்பும். நடுமுதுகில் முக்கால் இன்ச் திறந்து, அடியில் வேறு பேப்பர் வைத்து ஒட்டினேன். ஆர்ம்ஹோல் அளவு மாறாது, அதனால் கையைத் தொட வேண்டியதில்லை.

இங்கேதான் நிறையப் பேர் தவறு செய்வார்கள். மேல் துண்டு திரும்பியதும் நடுமுதுகுக் கோடு கழுத்துப் பக்கம் உள்ளே சாய்ந்துவிடும். மடிப்பில் வெட்டக் கோடு நேராக இருந்தாக வேண்டும். நேராக்கினால் கழுத்து ஒவ்வொரு பாதியிலும் ஏறக்குறைய அரை இன்ச் கூடும். அதை அப்படியே விட்டால் பின்கழுத்து வாயைத் திறந்து நிற்கும். அந்த அரை இன்ச்சைக் கழுத்திலிருந்து தோள்பட்டை எலும்பை நோக்கி ஒரு சின்ன டாட்டாகப் பிடித்தேன். நீளம் இரண்டரை, மூன்று இன்ச் போதும். நடுவில் தையல் வைத்த மாடல் என்றால் டாட் வேண்டாம், அந்த வளைவைத் தையலிலேயே விட்டுவிடலாம்.

அப்புறம்தான் தோள். காடா துணியில் வெட்டிப் போட்டுப் பார்த்துத் தோள் முனையில் மிச்சத் துணியைக் கிள்ளிப் பின் குத்தினேன். முன்னுக்கு அரை, பின்னுக்கு அரை வந்தது. பேப்பரில் தோள் முனையை முன்பின் இரண்டிலும் அரை இன்ச் இறக்கி, கழுத்துப் பக்கம் ஒன்றும் இல்லாமல் முடித்தேன். அக்குள் புள்ளியையும் அதே அரை இன்ச் இறக்க வேண்டும். அதை மறந்தால் ஆர்ம்ஹோல் சின்னதாகிக் கையைப் பிடிக்கும், வெட்டிய கையும் பொருந்தாது.

சிவமலர் எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். ராணி அக்கா, எனக்கும் இதே பிரச்சினைதான் என்று நினைக்கிறேன். சாரிக்குப் போடும் சட்டை தோளிலிருந்து வழுக்கி வழுக்கி விழுகிறது. பின்கழுத்து ஆழம் 8 இன்ச். தோள் முனையை இறக்கினால் நிற்குமா?

ராணி எழுதியது:

சிவமலர், உங்களுடையது வேறு. அவ்வளவு ஆழமாகக் கழுத்து வெட்டினால் தோள் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கப் பின்னால் துணியே இல்லை. முதலில் கழுத்து அகலத்தைக் குறைத்துப் பாருங்கள், இல்லையென்றால் பின்னால் கயிறு வையுங்கள். தோள் சரிவும் கொஞ்சம் இருக்கலாம், ஆனால் அது பிறகு.

நீங்கள் கேட்டதால் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. நான் சொன்ன 4½ இன்ச் வெட்டு உங்கள் சட்டையில் கழுத்துக் குழிக்குள்ளேயே போய்விடும். மூடிய கழுத்துக்குத்தான் அந்த வழி.

வாசுகி எழுதியது:

ராணி அக்கா, இதை வைத்துச் சொல் தேடிவிட்டேன். இரண்டாவது மாற்றத்துக்கு "மேல்முதுகுத் திறப்பு" என்று வைக்கலாமா? பேப்பரில் செய்வது அதுதானே.

சிவமலர் எழுதியது:

பதிலுக்கு நன்றி அக்கா, கழுத்தைக் குறைத்துப் பார்க்கிறேன்.

வாசுகி, எங்கள் பக்கம் திறப்பு என்றால் சாவி. அதைவிட முக்கியமாக, சட்டையின் பின்பக்கத்தில் திறப்பு என்றால் கொக்கி வைக்கும் இடம் என்றுதான் எனக்கு முதலில் விளங்கியது.

இளங்கோ எழுதியது:

என் முந்தைய மடலில் இரண்டும் ஒன்று என்றது தவறு, ஒப்புக்கொள்கிறேன். ராணி அக்கா எழுதியதைப் படித்துவிட்டு ஒரு பழைய காலண்டர் தாளை வெட்டித் திருப்பிப் பார்த்தேன். கழுத்து மேலே ஏறுகிறது. தோளுக்கான மாற்றத்தில் முனை கீழே இறங்குகிறது. எனவே "மேல்முதுகு ஏற்றம்", "தோள்முனை இறக்கம்". இரண்டும் பேப்பரில் நடப்பதைச் சொல்கின்றன, உடம்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அளவையும் கூடவே எழுதலாம்: மேல்முதுகு ஏற்றம் ¾, தோள்முனை இறக்கம் ½.

வெறும் "தோள் சரிவு" என்பதை இந்த மாற்றத்துக்கு வைக்க வேண்டாம். சரிவு எல்லாத் தோளுக்கும் எல்லாப் பேட்டர்னுக்கும் உண்டு. இங்கே சொல்லவருவது அதற்கு மேல் இறக்குகிற அளவை.

ஒரு சந்தேகம். தாளைத் திருப்பியபோது தோள் கோட்டின் கழுத்து முனை கிட்டத்தட்ட அரை இன்ச் உயர்ந்தது, தோள் முனை அநேகமாக அங்கேயே இருந்தது. அப்படியானால் பின்பக்கத்தில் சரிவு தானாகவே கூடிவிட்டதே? மறுபடியும் அரை இன்ச் இறக்குவது இரட்டைக் கணக்கு ஆகாதா?

ராணி எழுதியது:

"ஏற்றம்", "இறக்கம்" எனக்குப் பிடித்திருக்கிறது. கடைப் பையனிடம் சொன்னேன், விளக்கம் கேட்காமல் கழுத்துப் பக்கம் கையை வைத்துக் காட்டினான். "மேல்" என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். "முதுகு ஏற்றம்" என்றால் இடுப்பில் உயரத்தைக் கூட்டிவிடுவார்கள்.

உங்கள் சந்தேகத்துக்கு: பேப்பர் தட்டையாகக் கிடக்கும்போது அப்படித்தான் தெரியும். உடம்பில் போட்டால் அந்த முக்கால் இன்ச்சை முதுகின் உருண்டை எடுத்துக்கொள்கிறது. தோளுக்கு மிச்சம் வருவதில்லை. அதனால்தான் முதலில் முதுகை முடித்து, காடாவில் போட்டு, அப்புறம் தோளைக் கிள்ளச் சொன்னேன். முதலிலேயே தோளைக் கிள்ளினால் பின்னால் இழுபடுகிற துணியைச் சரிவு என்று நினைத்து அதிகமாக எடுத்துவிடுவோம்.

இளங்கோ எழுதியது:

முழுவதையும் முதுகு எடுத்துக்கொள்ளும் என்பதை மட்டும் என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை, அக்கா. தேவைக்கு மேல் திறந்துவிட்டால் மிச்சம் எங்கே போகும்? தோளுக்குத்தானே வரும்?

ராணி எழுதியது:

மிச்சம் தோளுக்கு வராது, பின்கழுத்துக்குக் கீழே குறுக்காக மடிந்து நிற்கும். அப்படி நின்றால் ஏற்றம் அதிகம் என்று குறைக்கிறேன். எல்லா முதுகுக்கும் இப்படித்தான் என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஒரு தோள் மட்டும் இறங்கியவர்களுக்கு இரண்டு பக்கமும் வேறுவேறாகத்தான் வருகிறது.

வாசுகி எழுதியது:

"மேல்முதுகு ஏற்றம்", "தோள்முனை இறக்கம்" இரண்டையும் குறிப்பேட்டில் எழுதிவிட்டேன். ஒரு தோள் மட்டும் இறங்கியிருந்தால் "இடத் தோள்முனை இறக்கம்" என்று பக்கத்தைச் சேர்த்து எழுதச் சொல்லப்போகிறேன்.

இன்னொரு சொல் பாக்கி. ஆர்ம்ஹோல் ஓரத்தில் வெட்டாமல் விடுகிற அந்த நூலளவுப் புள்ளி. ராணி அக்கா போகிற போக்கில் கீல் என்றார். எனக்கு அது போதும் என்று தோன்றுகிறது, ஆனால் வகுப்பில் இரண்டு பேர் "பிடிப்பு" என்கிறார்கள். பிடிப்பு என்றால் சட்டை இறுக்கமாக இருப்பதையும் அப்படித்தானே சொல்கிறோம்? செவ்வாய்க்கிழமை காடா துணியோடு வகுப்பு. அதற்குள் வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.