84 முகம், 6 மணி நேரம்: எந்த முகத்துக்கு எவ்வளவு நேரம்?

புதுத்தூரிகை:
கல்லூரி கடைசி வருட பேட்ச் போட்டோ. நாலு வரிசை, 84 பேர். 6000 x 4000 பிக்சல் ஃபைல். ட்ரைபாடில் வைத்து அடுத்தடுத்து எடுத்த 9 ஃப்ரேம் இருக்கு. நாளைக்குக் காலையில 12 x 18 இன்ச் பிரிண்டுக்குப் போகணும், என் கையில 6 மணி நேரம்தான். முகங்களை ரீடச் செய்ய ஆளுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்? முன்வரிசையை மட்டும் நல்லா செஞ்சா போதுமா?

கடைசிவரிசை:
போதாது. 360 நிமிடத்தை 84ஆல் வகுத்தால் ஆளுக்கு நாலு நிமிடம், கூட ஒரு பதினேழு விநாடி. டைமர் வைத்துக்கொள்ளுங்கள். மணி அடித்தால் அடுத்த முகம்.

இதை நான் பிடிவாதமாகச் சொல்லக் காரணம் உண்டு. எங்கள் பேட்ச் போட்டோவில் முன்வரிசை பளிச்சென்று இருக்கும். கடைசி வரிசையில் நிற்கும் எனக்குக் கண்ணாடி முழுக்க வெள்ளை வெளிச்சம், கண்ணே தெரியாது. அந்தப் படம் இன்னும் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அம்மா என்னைக் காட்டும்போது இடப்பக்கத்திலிருந்து விரலால் எண்ணிக்கொண்டு வந்துதான் காட்டுவார். வாங்குகிற 84 பேரும் முதலில் தேடுவது தங்கள் முகத்தைத்தான்.

ஸ்டூடியோக்காரன்:
நியாயம் பேசுனா வேலை முடியாதுங்க. பார்க்கிறவங்க கண்ணு முதல்ல நடுவுலதான் போகும். உட்கார்ந்திருக்கிற ஆசிரியர்கள் ஒரு 12 பேர் இருப்பாங்க. ஆளுக்கு 15 நிமிஷம் போடுங்க, 3 மணி நேரம் ஆச்சு. மீதி 3 மணி நேரத்துல மத்தவங்களை ஓட்டிடலாம். படம் சரியில்லைன்னு திருப்பி அனுப்புறது எப்பவும் அந்த 12 பேர்ல ஒருத்தராத்தான் இருக்கும்.

மழைத்துளி:
4 நிமிஷத்துல ஒரு முகத்தை முடிக்கவே முடியாதே! தங்கச்சியோட க்ளோஸ்-அப் ஒண்ணுக்கு எனக்கு 40 நிமிஷம் ஆச்சு. நெற்றிப் பரு, மூக்குப் பக்கத்துச் சிவப்பு, கண்ணுக்குக் கீழ கருவளையம்னு ஒவ்வொண்ணா எடுக்கணும். தோலோட நிறம் ஒரு லேயர், சொரசொரப்பு ஒரு லேயர்னு பிரிச்சு வேலை செய்யுங்க. 84 பேருக்கு ஒரு வாரம் கேளுங்க.

நிறமாலை:
மழைத்துளி, அது ஒற்றை முகம் சட்டத்தை நிறைக்கும் படத்துக்குச் சரியான வேலை. இங்கே முகம் எவ்வளவு பெரிது என்று முதலில் அளந்து பார்க்கலாம்.

ஒரு வரிசைக்கு 21 பேர். இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் இடம் விட்டால், நிற்கிறவர்களுக்கு 5400 பிக்சல் போல மிஞ்சும். ஆளுக்குச் சுமார் 257. அதில் தோள் போக முகத்தின் அகலம் 110 பிக்சல் அளவில் வரும். 6000 பிக்சல் 18 இன்ச்சில் விழுவதால் பிரிண்டில் முகம் 8 மில்லிமீட்டர் சொச்சம், அதாவது சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. முகத்திலுள்ள பரு இரண்டு மூன்று பிக்சல். அச்சில் அது 0.2 மில்லிமீட்டர். கையில் பிடித்துப் பார்க்கிறவர் யாருக்கும் தெரியாது.

மூடிய கண் அப்படியில்லை. கண்ணே அச்சில் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர்தான், ஆனாலும் இருக்கவேண்டிய கருப்புப் புள்ளி இல்லை என்பதை எட்டி நின்று பார்க்கிறவர்கூடக் கண்டுபிடிப்பார். கண்ணாடி வெளிச்சமும், பக்கத்து ஆளின் தோள் பாதி முகத்தை மறைப்பதும் அதே மாதிரி. ஆகவே வரிசையையும் பதவியையும் விட்டுவிட்டு, பிரிண்ட் அளவில் கண்ணை உறுத்துவது எதுவோ அதற்கு நேரம் கொடுங்கள். எல்லாருக்கும் சமமாக இருக்கவேண்டியது முடிவு. அதற்கு ஒருவருக்கு அரை நிமிடம் போதும், இன்னொருவருக்குப் பத்து நிமிடம் பிடிக்கும்.

கடைசிவரிசை:
கணக்கு சரி. ஆனால் இன்று பிரிண்டை யார் பார்க்கிறார்கள்? ஃபைல் குழுவுக்கு வரும், உடனே எல்லோரும் போனில் இரண்டு விரலால் இழுத்துத் தன் முகத்தைப் பெரிதாக்குவார்கள். அங்கே உங்கள் 8 மில்லிமீட்டர் கணக்கு நிற்காது.

நிறமாலை:
நிற்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இழுத்துப் பெரிதாக்கினாலும் உள்ளே இருப்பது அதே 110 பிக்சல்தான், தோலின் சொரசொரப்பு அதில் பதிந்தே இருக்காது. அங்கும் முதலில் தெரிவது கண், பல், நெற்றியில் விழுந்த முடிக்கற்றை. மூல ஃபைலை அப்படியே கொடுப்பதாக இருந்தால் மட்டும், எல்லா முகத்தையும் 100 சதவீதத்தில் ஒருமுறை பார்ப்பதற்குக் கூடுதலாக நேரம் ஒதுக்கலாம்.

இன்னொன்று, இடமிருந்து வலமாக ஒவ்வொரு முகமாக முடித்துக்கொண்டே போகாதீர்கள். டைமர் வைத்தாலும் இதே சிக்கல்தான். முதல் இருபது முகத்தில் கை பொறுமையாக இருக்கும், 300 சதவீதத்துக்குப் பெரிதாக்கித் தோலைத் துடைத்துக்கொண்டிருப்போம். வலது ஓரத்துக்கு வரும்போது நேரமும் கண்ணும் தீர்ந்திருக்கும். படத்தைச் சிறிதாக்கிப் பார்த்தால் இடப்பக்கம் மெழுகுப் பொம்மை போலவும் வலப்பக்கம் அசலாகவும் இருக்கும். நான் ஒருமுறை இப்படி ஒரு படத்தை முழுதாகத் திரும்பச் செய்தேன். முகம் முகமாகப் போகாமல் குறை குறையாகப் போங்கள். முதலில் 84 பேரிலும் கண், பிறகு 84 பேரிலும் கண்ணாடி. சோர்வு வந்தாலும் அது எல்லார் மேலும் ஒரே மாதிரி பரவும்.

ஃபோட்டோஷாப்பில் Window > Arrange > New Window for என்பதில் அதே ஃபைலுக்கு இரண்டாவது ஜன்னல் திறந்து, அதைப் பிரிண்ட் அளவுக்குச் சிறிதாக்கி ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய ஜன்னலில் செய்கிற வேலை சின்ன ஜன்னலில் எந்த மாற்றமும் காட்டவில்லை என்றால் அந்த இடத்தை விட்டுவிடலாம்.

ஸ்டூடியோக்காரன்:
கடைசி வரிசை எப்பவும் இருட்டா விழும். அவங்க முகத்தையெல்லாம் வெளுப்பாக்கணுமே, அதுக்கு நேரம் எங்கே?

நிறமாலை:
வெளுப்பாக்கக் கூடாது. இருட்டு வெளிச்சத்தால் வந்ததா, அவர் நிறமே அதுவா என்று பார்க்கணும். கடைசி வரிசையில் வெள்ளைச் சட்டை போட்டவர் ஒருவரைக் கண்டுபிடித்து முன்வரிசை வெள்ளைச் சட்டையோடு ஒப்பிடுங்கள். சட்டையும் மங்கியிருந்தால் அந்த வரிசைக்கே வெளிச்சம் குறைவு, வரிசை முழுவதையும் ஒரே கர்வ்ஸ் லேயரில் ஏற்றிவிடலாம், பத்து நிமிட வேலை. சட்டை சரியாக இருந்து முகம் மட்டும் கருப்பாக இருந்தால் அது அவர் முகம். அதில் கை வைக்க வேண்டாம்.

ஸ்டூடியோக்காரன்:
சட்டையை வச்சுப் பார்க்கிறது நல்ல வழி, ஒத்துக்கிறேன். ஆனா நடுவுல இருக்கிறவங்களுக்குக் கூடுதல் நேரம்ங்கிறதுல நான் மாற மாட்டேன்.

புதுத்தூரிகை:
பிரிண்ட் அளவில் வைத்து எண்ணிப் பார்த்தேன். எடுத்ததில் நல்ல ஃப்ரேமிலேயே 11 பேர் கண் மூடியிருக்காங்க! 6 பேருக்குக் கண்ணாடி வெளிச்சம். இது சகஜமா, எடுத்தவர் மேல தப்பா?

நிறமாலை:
எடுத்தவர் மேல் தப்பில்லை. ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வைச் சேர்ந்த நிக் ஸ்வென்சன், பியர்ஸ் பார்ன்ஸ் இருவரும் இதைக் கணக்குப் போட்டே பார்த்து, முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசையும் 2006இல் வாங்கினார்கள். 20 பேருக்குக் குறைந்த குழுவில் நல்ல வெளிச்சம் இருந்தால், ஆள் எண்ணிக்கையை மூன்றால் வகுத்து அத்தனை படம் எடுக்கச் சொன்னார்கள். 50 பேருக்கு மேல் போனால் எல்லார் கண்ணும் திறந்திருக்கும் ஒற்றைப் படம் கிடைப்பது அநேகமாக நடக்காத காரியம். உங்களிடம் 9 ஃப்ரேம் இருப்பது பெரிய உதவி.

உங்கள் 360 நிமிடத்தை இப்படிப் பிரிப்பேன். முதல் 50 நிமிடம் படம் முழுவதற்கும்: நிறம், வெளிச்சம், கடைசி வரிசை. வைட் லென்ஸில் எடுத்திருந்தால் இரண்டு ஓரத்திலும் முகம் பக்கவாட்டில் இழுபட்டிருக்கும், அதையும் இதிலேயே முடியுங்கள். கண் மூடிய 11 பேருக்கு ஆளுக்குப் பத்து, 110 நிமிடம். கண்ணாடி 6 பேருக்கு ஆளுக்கு எட்டு, 48 நிமிடம். பிறகு 84 பேருக்கும் ஆளுக்கு ஒரு நிமிடம், விலகிய முடி, எண்ணெய்ப் பளபளப்பு மாதிரி. மொத்தம் 292. மீதி 68இல் அரை மணி நேரம் கடைசிப் பார்வைக்கும் சேமிப்பதற்கும். மிச்சத்தைத் தொடாமல் வையுங்கள், ஏதாவது ஒரு முகம் கட்டாயம் அதைத் தின்றுவிடும்.

கண் மாற்றும்போது கண்ணை மட்டும் வெட்டி வைக்காதீர்கள். கண் மூடும்போது புருவமும் கன்னமும் சேர்ந்து நகரும், கண் மட்டும் மாறினால் முகம் திடுக்கிட்ட மாதிரி ஆகிவிடும். ஃப்ரேம்களை லேயராக அடுக்கி, Auto-Align Layers கொடுத்து, மாஸ்க்கில் தலை முழுவதையும் கொண்டுவாருங்கள். மாஸ்க்கின் ஓரம் சட்டைக் காலரிலும் முடி ஓரத்திலும் போனால் ஒட்டு தெரியாது. கண்ணாடிக்கும் இதே வழிதான், தலை லேசாகத் திரும்பியிருக்கும் ஃப்ரேமைத் தேடுங்கள்.

மழைத்துளி:
ஒரு கண்ணாடியில மட்டும் வெளிச்சம்னா மறுபக்கத்துக் கண்ணைத் திருப்பி அந்தப் பக்கம் ஒட்டலாமே? நான் செஞ்சிருக்கேன்.

நிறமாலை:
திருப்பினால் கண்ணுக்குள் மின்னும் வெளிச்சப் புள்ளியும் எதிர்ப்பக்கம் போய்விடும், பார்வையும் இரண்டு திசைக்கு விலகும். 110 பிக்சல் முகத்திலும் இது மாறுகண் போலத் தெரியும். வேறு ஃப்ரேமே இல்லாதபோது மட்டும், அந்தப் புள்ளியைச் சரிசெய்து, விழியை நகர்த்தி வையுங்கள்.

புதுத்தூரிகை:
ஒரு பெண், மூணாவது வரிசையில் இடமிருந்து ஏழாவது. ஒன்பது ஃப்ரேமிலும் கண் மூடியிருக்கு. சூரியன் நேரா அவங்க முகத்துல விழுது.

ஸ்டூடியோக்காரன்:
வேற போட்டோவுல இருந்து கண்ணை எடுத்து வச்சிருங்க. யாருக்கும் தெரியாது.

கடைசிவரிசை:
அவருக்குத் தெரியும். தன் முகத்தில் தன் கண் எப்படி இருக்கும் என்று அவருக்கு மட்டும் தெரியும். கேட்காமல் வைக்காதீர்கள்.

நிறமாலை:
ஒட்டுவதற்கு முன்னால் எடுத்தவரிடம் கேளுங்கள். வரிசை ஒழுங்கு பண்ணும்போது வெளிச்சம் பார்க்க எடுத்த சோதனைப் படம் பெரும்பாலும் கார்டில் கிடக்கும். அதே இடம், அதே வெளிச்சம். அதுவும் இல்லையென்றால் ஒன்பதில் இமை சற்றாவது திறந்த ஃப்ரேம் எது என்று பார்த்து அதை வையுங்கள். வெயிலில் கண் சுருக்கிய முகம் இயல்பாகத்தான் இருக்கும்.

புதுத்தூரிகை:
சோதனைப் படம் இரண்டு இருக்காம், அனுப்பச் சொல்லியிருக்கேன். வர்றதுக்குள்ள கடைசி வரிசைச் சட்டையிலிருந்து ஆரம்பிக்கிறேன். அதுலயும் கண் மூடியிருந்தா அவங்க நம்பர் வாங்கிக் கேட்டுடறேன்.