கண்ணில் மின்னும் கோடுகள், பிறகு தலைவலி: இது மாலைநேரத் தலைவலியின் முற்றிய நிலையா?

தேன்மொழி

எனக்கு இரண்டு விதமாகத் தலை வலிக்கிறது. ஒன்று பல ஆண்டுப் பழக்கம். மாலையானால் நெற்றியையும் பின்மண்டையையும் சேர்த்துத் துணியால் இறுக்கிக் கட்டியதுபோல் இருக்கும். வேலை பார்க்க முடியும், தூங்கி எழுந்தால் போய்விடும்.

மற்றது இந்த ஆண்டில் மூன்று முறை வந்தது. கடைசியாக வந்ததைக் கடிகாரம் பார்த்துக் குறித்திருக்கிறேன். 10.10க்குப் படித்துக்கொண்டிருந்தபோது வரியில் ஓர் எழுத்தைக் காணவில்லை. நான் பார்க்கும் இடத்துக்குச் சற்று வலப்பக்கம் ஒரு சாம்பல் புள்ளி. ஐந்து நிமிடத்தில் அது பிறையாக வளர்ந்தது, அதன் விளிம்பில் ரம்பப் பல் போன்ற கோடுகள் மின்னின. 10.30க்கு வலது ஓரம்வரை நகர்ந்து மறைந்தது. 10.50க்கு இடது நெற்றிப்பொட்டில் துடிக்கும் வலி, குமட்டல். மாடிப்படி ஏறினால் ஒவ்வொரு படிக்கும் தலைக்குள் அடி விழுந்தது.

முதல் வகை முற்றினால் இரண்டாவதாக மாறுமா? வலிக்கு முன்பே பார்வை ஏன் கெடுகிறது?

பாலு

இரண்டாவது, ஆரா எனப்படும் முன்னறிகுறியுடன் வரும் மைக்ரேன். மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் முதலில் சுருங்கும், அதனால் பார்வை மங்கும். பிறகு அதே குழாய் விரியும், அதனால் வலி துடிக்கும். முதலாவது கழுத்துத் தசை இறுகி வருவது. ஒன்று குழாய், மற்றது தசை. இவ்வளவுதான்.

மருதவல்லி

எனக்கும் மாலையில் கண் வலித்துத் தலை வலித்தது. கண்ணாடியின் பவரை மாற்றியதும் நின்றுவிட்டது. முதலில் கண் மருத்துவரைப் பாருங்கள் தங்கச்சி.

இளம்பரிதி

நான் நரம்பியல் பிரிவில் மருத்துவனாக இருக்கிறேன். தேன்மொழி, உங்கள் கடிகாரக் குறிப்பிலேயே பாதி விடை இருக்கிறது.

பார்வையை உணரும் பகுதி மூளையின் பின்புறத்தில், அதன் மேலடுக்கான புறணியில் இருக்கிறது. வலப்பக்கக் காட்சி இடது மூளைக்குப் போகும். அங்கே நரம்பணுக்கள் சில விநாடிகள் கட்டுமீறித் துடித்து, பிறகு சில நிமிடங்கள் அடங்கிப்போகின்றன. அணுக்களின் உள்ளிருக்கும் பொட்டாசியம் வெளியே கொட்டுவதால் பக்கத்து அணுக்களும் அதேபோலக் கிளர்ந்து அடங்குகின்றன. இந்த அலை நிமிடத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நகர்கிறது. அலையின் முன்விளிம்பு உங்களுக்கு மின்னும் கோடு, அது கடந்துபோன இடம் சாம்பல் வெற்றிடம். 20 நிமிடத்தை 3ஆல் பெருக்கினால் 60 மில்லிமீட்டர். பார்வைப் புறணியில் மையக் காட்சியின் இடத்திலிருந்து ஓரக் காட்சியின் இடம்வரை ஏறத்தாழ அவ்வளவு தூரம்தான்.

இந்தக் கணக்கை முதலில் போட்டவர் அமெரிக்க உளவியலாளர் கார்ல் லாஷ்லி. 1941இல் தமக்கு வந்த ஆராவையே தாளில் வரைந்து இதே வேகத்தைக் கண்டார். 1944இல் பிரேசில்காரரான ஆய்வாளர் லியோ, முயலின் மூளைப் புறணியில் இப்படி ஊரும் அடக்க அலையை நேரில் பதிவு செய்தார். இரண்டும் ஒரே நிகழ்வாக இருக்கலாம் என்று பின்னால்தான் இணைத்துப் பார்த்தார்கள்.

மாலைநேர இறுக்கத் தலைவலியில் இந்த அலை கிடையாது. அதனால் அது முற்றி இதுவாக மாறுவதில்லை. ஒருவருக்கே இரண்டும் இருப்பது மிகச் சாதாரணம்.

பாலு

மருத்துவர் ஐயா, அப்படியானால் இரத்தக் குழாய்க்குப் பங்கே இல்லையா? குழாயைச் சுருக்கும் டிரிப்டான் மாத்திரை மைக்ரேனைக் குறைக்கிறதே?

இளம்பரிதி

பங்கு உண்டு, ஆனால் தொடக்கம் அங்கே இல்லை. அலைக்குப் பின்னால் இரத்த ஓட்டம் குறைவது உண்மை. அந்தக் குறைவும் அலையோடு ஊர்ந்துபோகிறது. ஒரு குழாய் அடைத்திருந்தால் அந்தக் குழாய் ஊட்டும் எல்லைக்குள் நின்றிருக்கும். இன்னொன்று, ஓட்டம் குறைந்திருக்கும்போதே வலி தொடங்கிவிடுவதையும் அளந்திருக்கிறார்கள். விரிந்ததால்தான் வலி என்பது அங்கே பொருந்தவில்லை.

மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. அதை மூடியிருக்கும் உறைக்குத் தெரியும். முகத்தின் உணர்ச்சியை மூளைக்குக் கொண்டுபோகும் டிரைஜெமினல் நரம்பின் நுனிகள் அந்த உறையிலும் உண்டு. அலை கடக்கும்போது கசியும் பொருள்கள் அந்த நுனிகளைத் தூண்ட, அவை சி.ஜி.ஆர்.பி. என்ற புரதத்துண்டை விடுகின்றன. அது குழாயை விரிக்கிறது, வலிப்பாதையையும் கூர்மையாக்குகிறது. டிரிப்டான் அந்த நரம்பு நுனிகளையும் அடக்கும். சி.ஜி.ஆர்.பி.யை மட்டும் தடுக்கும் புதிய மாத்திரைகள் குழாயைச் சுருக்காமலே வலியைக் குறைக்கின்றன.

தசை பற்றியும் ஒரு சொல். இறுக்கத் தலைவலியில் தலை, கழுத்துத் தசைகளைத் தொட்டால் வலிப்பது உண்மை. ஆனால் மின்பதிவு எடுத்தால் பெரும்பாலும் தசை அப்படி இறுகிக் கிடப்பதில்லை. தசையிலிருந்து போகும் வலிச்செய்தி கூர்ந்திருக்கிறது. அடிக்கடி வந்து நாட்பட்டால் முதுகுத்தண்டிலும் மூளையிலும் வலியைக் கையாளும் இடங்களே எளிதில் தூண்டப்படும் நிலைக்குப் போய்விடுகின்றன.

தேன்மொழி

மருதவல்லி அக்கா சொன்னதால் ஒன்று நினைவுக்கு வந்தது. அன்று ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தேன். எந்தக் கண்ணால் பார்த்தாலும் கோடு அதே வலப்பக்கத்தில் இருந்தது. ஆனால் முந்தின இரவே கழுத்து பிடித்திருந்தது, கொட்டாவியாக வந்தது. அப்படியானால் இதுவும் தசையில் தொடங்கியதுதானே?

இளம்பரிதி

கண்ணை மூடிப் பார்த்தது மிக நல்ல சோதனை. இரு கண்ணிலும் ஒரே பக்கம் என்றால் கோளாறு கண்ணில் இல்லை, மூளையில். ஒரு கண்ணில் மட்டும் என்றால் விழித்திரையை உடனே பார்க்க வேண்டும்.

முந்தின நாள் கொட்டாவியும் கழுத்துப் பிடிப்பும் பெரும்பாலும் மைக்ரேனின் முதற்கட்டம். மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸ் அந்த நேரத்திலேயே மாறுபட்டு இயங்குவது ஸ்கேனில் தெரிந்திருக்கிறது. கழுத்தைப் பிடித்துவிட்டுத் தடுக்கலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

யாழினி

என் அப்பாவுக்கு 63 வயது. இதே கோடுகள் சென்ற மாதம்தான் முதன்முறையாக வந்தன. தலை வலிக்கவே இல்லை. அலைதான் வலியைக் கிளப்புகிறது என்றால் இது எப்படி?

இளம்பரிதி

நல்ல கேள்வி, முழு விடை இன்னும் இல்லை. விலங்குகளில் அலை வலிநரம்பைத் தூண்டுவதைப் பார்த்திருக்கிறார்கள். மனிதர்களில் ஆரா மட்டும் வந்து போவதும், ஆரா முடியுமுன் வலி தொடங்குவதும் உண்டு. ஆரா இல்லாத மைக்ரேனிலும் உணர முடியாத அலை ஓடுகிறதா என்பதில் கருத்துவேறுபாடு இருக்கிறது.

ஆனால் அப்பாவை இந்த விவாதத்துக்குக் காத்திருக்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 50 வயதுக்கு மேல் முதன்முறை வந்தால் பக்கவாதத்தின் முன்னறிகுறியா என்று பார்த்தாக வேண்டும். ஆரா மெல்ல ஊர்ந்து வளரும், முதலில் மின்னும். இரத்தம் தடைபட்டால் பெரும்பாலும் ஒரே நொடியில் பார்வை இருண்டுவிடும், மினுக்கம் இருக்காது. கை மரத்தாலோ, பேச்சு குழறினாலோ வீட்டிலேயே பிரித்துப் பார்க்க முயல வேண்டாம், உடனே போக வேண்டும். ஆரா ஒரு மணி நேரத்தைத் தாண்டினாலும் அப்படியே.

தேன்மொழி, நீங்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுத்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆராவோடு சேர்ந்தால் பக்கவாத ஆபத்து கூடும்.

தேன்மொழி

எடுக்கிறேன். இதுவரை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நாளைக் காலைக்கு நேரம் வாங்கிவிட்டேன். அடுத்த முறை வந்தால் தாளின் நடுவில் புள்ளி வைத்து, அதையே பார்த்தபடி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கோட்டின் விளிம்பை வரைந்து இங்கே போடுகிறேன்.